ஆச்சி 80: அஞ்சு ஞாயிறு (ஆச்சி இல்லாத குரூப்)

*கதிர்:* தை மாசம் ஆச்சிக்கு 80 முடியுது. அதுக்கு முன்னால அஞ்சு ஞாயிறு, வாரம் ஒரு ஆடியோ, பத்து நிமிஷம், பெரிய குரூப்ல போடலாம்னு இருக்கேன். பொறந்த வீடு, கல்யாணம், கடை, சமையல், பேரப்பிள்ளைங்க. இந்த வரிசை சரியா? யாரும் ஆச்சிகிட்ட உளறிடாதீங்க.

*சண்முகம் மாமா:* அஞ்சு நாள் விழாவா? மண்டபம் சொல்லியாச்சா மாப்ள?

*கதிர்:* விழா ஒரு நாள்தான் மாமா. இது போன்ல கேக்குற தொடர்.

*சண்முகம் மாமா:* ஓ. எங்க ஊர்க் கொடையில மூணு நாள் நாடகம் போட்டோம். ரெண்டாம் நாள் கூட்டமே இல்ல. முதல் நாளே வில்லனைக் கொன்னுட்டோம்.

*பிரபு:* அதுக்குத்தான் ஒவ்வொண்ணோட கடைசியிலயும் ஒரு சஸ்பென்ஸ் வைக்கணும் கதிர். அது போதும்.

*செல்வி அத்தை:* பாதி சரி பிரபு. ரேடியோவுக்கு நாடகம் எழுதுன காலத்துல நானும் அப்படித்தான் எழுதினேன். சும்மா நிறுத்துனா ரெண்டு வாரம் தாங்கும். மூணாவது வாரம் ஏமாத்துறாங்கன்னு கேக்குறவங்களுக்குப் புரிஞ்சிடும். ஒவ்வொரு வாரமும் ஒரு சின்னப் பதில் கொடுத்துடணும். அந்தப் பதிலே அடுத்த ஆள்கிட்ட நம்மள அனுப்பி வைக்கணும்.

*செல்வி அத்தை:* கதிர், உன் மூணாவதையும் நாலாவதையும் இடம் மாத்திப் போட்டா யாருக்காவது தெரியுமா? தெரியாதுன்னா அது தொடர் இல்ல, அஞ்சு தனிப் பேச்சு.

*கதிர்:* தெரியாதுதான் அத்தை. அப்ப எதை வச்சுக் கோக்குறது?

*செல்வி அத்தை:* அண்டா!

*பெரியப்பா:* அண்டா என்கிட்ட இல்ல.

*பிரபு:* 😂😂 யாரும் கேக்கவே இல்ல பெரியப்பா

*செல்வி அத்தை:* ஆச்சி சீரா கொண்டுவந்த பித்தளை அண்டா. விளிம்புல அவங்க அப்பா பேரு பொட்டுப் பொட்டா வெட்டியிருக்கும். எனக்கு நினைவு தெரிஞ்சு ஒரு கல்யாணத்துக்கு வெளிய போச்சு, திரும்பி வரல. அது எங்கங்கிறதுதான் முதல் வாரத்துக் கேள்வி. ஆச்சியோட பொறந்த வீடு, கல்யாணம், கடை எல்லாமே அதைத் தேடுற சாக்குல தானா உள்ள வந்துடும்.

*கதிர்:* சூப்பர் அத்தை. வாராவாரம் ஆச்சி சமையல் குறிப்பும் வைக்கட்டுமா?

*செல்வி அத்தை:* வை, ஒன்றரை நிமிஷத்துக்கு மேல வேண்டாம். வாராவாரம் ஒரே இடத்துல, ஒரே சத்தத்தோட ஆரம்பிக்கணும். ஆச்சி உரல்ல இடிக்கிற சத்தம் போதும். பேரு "கையளவு"ன்னு இருக்கட்டும். முதல் வாரம் ஒரு ஆளுக்கு ரசம், அப்புறம் வீட்டுக்கு, அப்புறம் தெருவுக்கு. அளவு ஏறிட்டே போகணும். அஞ்சாவது வாரம் அண்டா நிறையப் பாயசம். குறிப்பும் கதையும் அங்க வந்து ஒண்ணு சேரும்.

*பிரபு:* பெரியப்பா டயலாக்தான் காமெடி! ஒவ்வொரு எபிசோட்லயும் மூணு தடவை போடு கதிர்.

*செல்வி அத்தை:* வேண்டாம். வாரத்துக்கு ஒரு தடவைதான். முதல் வாரம் அண்ணன் சாதாரணமா சொல்லட்டும். ரெண்டாவது வாரம் கேக்குறதுக்கு முன்னாலயே சொல்லட்டும். மூணாவது வாரம் அதை வேற யாராவது சொல்லணும், ஆச்சியே சொன்னா இன்னும் நல்லது. நாலாவது வாரம் கேக்குறவங்க அதுக்காகக் காத்திருப்பாங்க, அப்ப வரக் கூடாது. அஞ்சாவதுல அதே வார்த்தைக்கு அர்த்தம் மாறணும். எப்படி மாத்துறதுன்னு எனக்கு இன்னும் பிடிபடல.

*கதிர்:* முதல் ரெண்டு எபிசோடை இந்த வாரமே ரெக்கார்ட் பண்ணிடவா?

*செல்வி அத்தை:* அஞ்சாவதை முதல்ல பண்ணு. முடிவு தெரியாம முதல் வாரத்துல எந்தத் துப்பை விட்டு வைப்ப? அண்டா எங்க போச்சுன்னு யாருக்காவது நிஜமா தெரியுமா?

*சண்முகம் மாமா:* நம்ம வீட்டுப் பரண்ல ஒண்ணு இருக்கே

*செல்வி அத்தை:* அது அலுமினியம்ங்க.

*பெரியப்பா:* எனக்குத் தெரியும் செல்வி. அது கல்யாணத்துக்குப் போகல. என் பாலிடெக்னிக் ஃபீஸுக்கு ஆச்சி பாத்திரக் கடையில எடைக்குப் போட்டாங்க. தூக்கிட்டுப் போனதே நான்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னாங்க.

*கதிர்:* பெரியப்பா…

*பிரபு:* ஸாரி பெரியப்பா. நான் காமெடின்னு சொல்லியிருக்கக் கூடாது.

*பெரியப்பா:* பரவால்ல. 40 வருஷமா நானும் சிரிச்சுக்கிட்டேதான சொன்னேன்.

*செல்வி அத்தை:* அண்ணே, அஞ்சாவது வாரம் "அண்டா என்கிட்டதான் இருக்கு"ன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். நாலு வாரம் சிரிச்சவங்களுக்கு அதுலயே எல்லாம் விளங்கிடும். ஆனா ஆச்சி மறைச்ச விஷயம் இது. சொல்லலாமா வேண்டாமான்னு நீங்களும் ஆச்சியும்தான் முடிவு பண்ணணும்.

*பிரபு:* ஆச்சிகிட்ட கேட்டா சர்ப்ரைஸ் போயிடுமே?

*செல்வி அத்தை:* போகட்டும். எல்லார் முன்னாலயும் அவங்க மனசு சங்கடப்படக் கூடாது. ஆச்சி வேண்டாம்னா வேற முடிவு தேடுவோம், அதுக்கேத்த மாதிரி முதல் வாரத்தையும் மாத்தணும்.

*கதிர்:* ஞாயித்துக்கிழமை வரட்டுமா பெரியப்பா? ரெக்கார்டர் இல்லாம வேணும்னாலும் வர்றேன்.

*பெரியப்பா:* எடுத்துட்டே வா. பேச வருமான்னு தெரியல. முதல்ல நாம ரெண்டு பேரும் ஆச்சியைப் பாத்துட்டு வருவோம்.