விசா இன்டர்வியூவுக்கு முன்னாடி பழைய ஃபேஸ்புக், இன்ஸ்டா பதிவை அழிக்கணுமா? அவசரம்

களியக்காவிளை பையன்: அடுத்த வாரம் சென்னையில இன்டர்வியூ. காலேஜ் படிக்கும்போது போட்ட அரசியல் மீம், கமென்ட் சண்டை எல்லாம் ஃபேஸ்புக்ல கிடந்தது, அக்கவுன்டையே டெலீட் குடுத்துட்டேன். இன்ஸ்டாவிலயும் பேரை மாத்தியாச்சு. இது போதுமா, இல்ல இன்ஸ்டா போஸ்ட்டையும் அழிக்கணுமா? தெரிஞ்சவங்க சீக்கிரம் சொல்லுங்க.

பாறசாலை ரெஜி: எந்த நாட்டு விசா? ஃபார்ம் சப்மிட் பண்ணியாச்சா?

மலையோரம்: நல்ல வேலை செஞ்சே மக்கா. இன்ஸ்டாவையும் தூக்கிரு. பார்க்க ஒண்ணுமே இல்லேன்னா என்னத்தைக் கேட்பாங்க?

குழித்துறை அக்கா: எனக்கு துபாய் விசிட் விசாவுக்கு இதெல்லாம் கேட்கவே இல்லையே தம்பி. எதுக்கு இவ்வளவு பயம்?

பழைய ஆள்: எந்த நாடு, எந்த விசான்னு சொல்லாம கேள்வி போட்டா யார் பதில் சொல்ல முடியும்? இதைக் கூடவா சொல்லித்தரணும்? அக்கா, துபாய் விஷயம் இங்க பொருந்தாது.

களியக்காவிளை பையன்: மன்னிக்கணும். அமெரிக்கா, எஃப்-1 ஸ்டூடன்ட் விசா. டிஎஸ்-160 போன மாசமே சப்மிட் ஆயாச்சு. இன்ஸ்டா மட்டும்தான் எழுதினேன். ஃபேஸ்புக் 2023க்கு அப்புறம் தொடவே இல்ல, அதனால விட்டுட்டேன்.

நெய்யாற்றங்கரை சுபா: தம்பி, இதுல பதிவை விட ஃபார்ம்தான் பிரச்சினை. 2019ல இருந்து டிஎஸ்-160ல கேட்கிறது, கடந்த 5 வருஷத்துல நீ பயன்படுத்தின கணக்கு எது எதுன்னு. இப்போ திறந்திருக்கான்னு கேட்கல. 2023 வரை ஃபேஸ்புக் பார்த்திருக்கே, அதனால அழிச்சாலும் அது எழுத வேண்டிய கணக்குதான். கணக்கை விட்டா விசா மறுக்கலாம், பின்னால போடுற விசாவுக்கும் தகுதி போகலாம்னு இந்தியாவில இருக்கிற அமெரிக்கத் தூதரகமே 2025ல சொல்லியிருக்கு. மறந்ததா, வேணும்னே மறைச்சதான்னு அதிகாரிக்கு எப்படித் தெரியும்? இன்டர்வியூவுக்கு முந்தின வாரம் டெலீட் ஆன கணக்குன்னா அவர் இரண்டாவதைத்தான் நினைப்பார்.

இன்ஸ்டா அதைவிட அவசரம். ஃபார்ம்ல இருக்கிறது பழைய பேரு. அதைப் போட்டுத் தேடினா ஆளே வராது. 221(g) சீட்டு கையில குடுத்து நிறுத்தி வைக்க அதுவே போதும். பேரு எப்போ மாத்தினே?

களியக்காவிளை பையன்: மூணு நாள் ஆச்சு. ஃபேஸ்புக்கும் அன்னைக்குத்தான்.

நெய்யாற்றங்கரை சுபா: அப்போ இரண்டையும் திருப்பலாம். இன்ஸ்டாவில பழைய பேரைப் பெரும்பாலும் 14 நாள் வரை உனக்கே திருப்பி எடுத்துக்க விடுவாங்க. இன்னைக்கே எடு. ஃபேஸ்புக்ல டெலீட் குடுத்தா 30 நாள் அவகாசம் உண்டு. பழைய நம்பர்ல லாகின் பண்ணி, டெலீட்டை ரத்து செய். புரொஃபைல் லாக் போட்டிருந்தா அதையும் எடுத்திடு. 2025 ஜூன்ல இருந்து எஃப், எம், ஜே விசாவுக்குக் கணக்கைப் பப்ளிக்கா வைக்கச் சொல்றாங்க.

பிறகு ஃபார்ம். சப்மிட் ஆனதைத் திருத்த முடியாது. அதே பக்கத்துல பழைய அப்ளிகேஷன் ஐடி குடுத்து எடுத்தா, பழைய விவரத்தோட புதுசு ஒண்ணு தொடங்கலாம். ஃபேஸ்புக்கைச் சேர்த்து சப்மிட் பண்ணு. புது நம்பர் வரும். அதை அப்பாயின்ட்மென்ட் கணக்குல மாத்தலேன்னா கைரேகை எடுக்கிற இடத்துலயே நிறுத்திடுவாங்க. கைரேகைக்குப் போறதுக்கு முன்னாடியே மாத்து, இரண்டு கன்ஃபர்மேஷன் பக்கத்தையும் கையில வை.

மலையோரம்: அப்போ மீமைக் காட்டி மாட்டிக்கணுமா? தப்பான போஸ்டை அழிக்கக் கூடாதுன்னு எந்தச் சட்டம் சொல்லுது?

நெய்யாற்றங்கரை சுபா: எந்தச் சட்டமும் சொல்லல அண்ணே, அதுல நீங்க சொல்றது சரிதான். ஃபார்ம் கேட்கிறது கணக்கை, ஒவ்வொரு பதிவையும் இல்ல. ஆனா அவன் அழிச்சாலும் மத்தவங்க பகிர்ந்தது, எடுத்து வச்ச ஸ்கிரீன்ஷாட் எல்லாம் அங்கேயேதான் இருக்கும். யாரையாவது மிரட்டினது, வன்முறையைப் பாராட்டினது இருந்தா, அழிச்சாலும் கேட்டா பதில் சொல்லத் தயாரா இருக்கணும். சும்மா அரசியல் கிண்டல்னா நான் கை வைக்கச் சொல்ல மாட்டேன். ஒரே ராத்திரியில ஐந்து வருஷப் பதிவும் காலியான கணக்குதான் அதிகமா கண்ணுல படும்.

பாறசாலை ரெஜி: எனக்கு இதுல சம்மதமில்ல. அரசியல் பதிவை எந்த அதிகாரி எப்படி எடுத்துப்பார்னு யாருக்குத் தெரியும்? இரண்டு மூணு மோசமானதை எடுத்திடறதே நல்லது. அப்புறம், வாட்ஸ்அப் எழுதணுமா?

பழைய ஆள்: ஃபார்ம்ல உள்ள பட்டியல்ல வாட்ஸ்அப் கிடையாது. படிச்சுப் பார்த்தா தெரியும்.

குழித்துறை அக்கா: அதுக்குக் கீழே வேற தளம், ஆப் இருக்கான்னு தனியா ஒரு கேள்வி வருதே! எங்க அண்ணன் மக எழுதினாளே.

பழைய ஆள்: அது ஃபோட்டோ, வீடியோ, ஸ்டேட்டஸ் போடுற ஆப்புக்கு.

குழித்துறை அக்கா: வாட்ஸ்அப்ல எல்லாரும் ஸ்டேட்டஸ் போடத்தானே செய்றாங்க?

மலையோரம்: பொம்பளைப் பிள்ளைங்க ஃபோட்டோவை பப்ளிக்கா வைக்கணும்னா அது எவ்வளவு பெரிய கொடுமை, அதை யாராவது பேசுறீங்களா?

நெய்யாற்றங்கரை சுபா: அது நியாயமான கவலைதான் அண்ணே. விசா முத்திரை விழுற வரைக்கும் வேற வழி இல்ல. குடும்பத்தார் படம் இருக்கிற ஆல்பத்துல என்ன செய்யலாம்ங்கிறதுக்கு எனக்குத் தெளிவான பதில் இல்ல.

களியக்காவிளை பையன்: இன்ஸ்டா பழைய பேரு கிடைச்சிடுச்சு. ஃபேஸ்புக்கும் திரும்பி வந்திடுச்சு, லாக் எடுத்தாச்சு. புது ஃபார்ம் சப்மிட் பண்ணிட்டேன். நன்றி அக்கா.

நெய்யாற்றங்கரை சுபா: அப்பாயின்ட்மென்ட்ல புது நம்பர் மாத்தினியா?

நெய்யாற்றங்கரை சுபா: தம்பி, அதை மட்டும் சொல்லிடு.