டிவி கேபிளில் ஓடும் வீட்டு நெட்வொர்க்: என்ன சொல் வைக்கலாம்?

முரளி எழுதியது:
வணக்கம். ரௌட்டர் கையேடு ஒன்றைத் தமிழில் எழுதுகிறேன். சுவருக்குள் ஏற்கெனவே ஓடும் டிவி கேபிளிலேயே நெட்வொர்க்கைக் கொண்டுபோகும் மோக்கா முறைக்குச் சொல் வேண்டும். மின்சார ஒயரில் போவதை 'மின்கம்பிவழிப் பிணையம்' என்று எழுதிவிட்டேன். இதைக் 'கேபிள்வழி இணையம்' எனலாமா?

செல்வி எழுதியது:
வேண்டாம் முரளி. தெருவிலிருந்து கேபிள்காரர் தரும் இணைப்பைத்தான் அப்படிச் சொல்கிறார்கள். இது வீட்டுக்குள்ளேயே முடிகிற சமாச்சாரம். இணைய இணைப்பே இல்லாவிட்டாலும் அறைக்கு அறை கோப்பு அனுப்பலாம். டிவி கேபிள் கோஆக்ஸ் வகை, தமிழில் ஓரச்சு. அதனால் 'ஓரச்சுவழிப் பிணையம்' எப்படி?

ராஜகோபால் எழுதியது:
தொண்ணூறுகளில் எங்கள் அலுவலகத்தில் ஈதர்நெட்டே கோஆக்ஸில்தான் ஓடியது. கணினிக்கு ஒரு டி-கனெக்டர், கடைசியில் டெர்மினேட்டர். அதே சங்கதிக்குப் புதுச்சொல் எதற்கு?

செல்வி எழுதியது:
கம்பி உறவு சரிதான் ஐயா, ஆனால் அது 50 ஓம் கேபிள், 10 மெகாபிட், நெட்வொர்க்குக்கு மட்டும். இது 75 ஓம் டிவி கேபிள். டிவி வழக்கமாக 1000 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழே நின்றுவிடும். மோக்கா 1125-இலிருந்து 1675 வரை எடுத்துக்கொள்ளும். அதனால் இரண்டும் சேர்ந்தே ஓடும்.

நியூ ஜெர்சியில் தங்கை வீட்டில் போட்டோம். முதலில் மின்கம்பி அடாப்டர்தான். பெட்டியில் 1200 என்று போட்டிருந்தது, கிடைத்தது 100 மெகாபிட்கூட இல்லை. வாஷிங் மெஷின் ஓடினால் அதுவும் சரியும். மோக்காவுக்கு மாறியபோது அடாப்டரில் கோஆக்ஸ் விளக்கே எரியவில்லை. நிலவறையில் கேபிளைப் பல அறைகளுக்குப் பிரிக்கும் பழைய ஸ்ப்ளிட்டரில் '5-1000MHz' என்று அச்சிட்டிருந்தது. 1675 வரை விடுகிற ஒன்றை மாட்டியதும் வேகம் 900 மெகாபிட்டைத் தாண்டியது. தெருக் கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வடிகட்டியும் போட்டோம். இல்லாவிட்டால் நம் சிக்னல் அக்கம்பக்கத்துக்கும் போய்விடும்.

ஈதர்நெட் இழுக்க வழியிருந்தால் அதுதான் மேல். மோக்காவில் சில மில்லிநொடித் தாமதம் உண்டு, அலைவரிசையையும் எல்லா அடாப்டரும் பங்குபோட வேண்டும்.

கனகா எழுதியது:
சொல் இருக்கட்டும். மதுரையில் எங்கள் வீட்டு மாடி அறைக்கு வைஃபை எட்டவில்லை. மொட்டைமாடி டிஷ்ஷிலிருந்து கேபிள் வருகிறதே, அதில் போடலாமா?

செல்வி எழுதியது:
டிஷ் ஓடும்வரை கூடாது கனகா. அந்தக் கேபிளில் 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ் வரை டிஷ் சிக்னல்தான். மோக்கா அதன் நடுவில் போய் விழும். செட்டாப் பாக்ஸ் வேறு அதே கம்பியில் 13 அல்லது 18 வோல்ட் அனுப்பிக்கொண்டிருக்கும். டிஷ்ஷை நிறுத்திவிட்டீர்கள் என்றால் டிஷ், செட்டாப் பாக்ஸ் இரண்டையும் கழற்றிவிட்டு இரு முனையிலும் அடாப்டர் மாட்டலாம். மாடி அறை வழியாக அந்தக் கேபிள் போகிறதா என்று முதலில் பாருங்கள்.

முரளி எழுதியது:
கனகா கேட்டதைப் பார்த்தால், கடைக்காரரிடம் 'ஓரச்சு' செல்லாது போலிருக்கிறதே. 'டிவிவடப் பிணையம்' என்றால்?

ராஜகோபால் எழுதியது:
அப்படிப் பெயர் வைத்தால் டிஷ் கேபிளையும் சேர்த்துக்கொள்வார்கள். நான் இன்னும் 'ஓரச்சு ஈதர்நெட்' பக்கம்தான்.

முரளி எழுதியது:
சரி, வரைவில் 'ஓரச்சுவழிப் பிணையம்' என்றே போடுகிறேன். டிஷ் எச்சரிக்கையை அதற்கு அடுத்த வரியிலேயே சேர்த்துவிடுகிறேன். வேறு சொல் தோன்றினால் எழுதுங்கள்.