3 கரண்டி எண்ணெய் 41 கிராம், 1 கரண்டி தேன் 21 கிராம்: பிழை தராசிலா, என் கணக்கிலா?

அடுப்படிக் கணக்கு (கேள்வி)

வணக்கம். இரண்டு மாதங்களாக அன்றாட உணவின் கலோரியைக் குறிப்பேட்டில் எழுதி வருகிறேன். நேற்று நான் பயன்படுத்தியவை 3 மேசைக்கரண்டி கடலை எண்ணெய், 1 மேசைக்கரண்டி உருக்கிய நெய், 1 மேசைக்கரண்டி தேன். என் அளவுக் கரண்டியில் 15 மி.லி. என்று பொறித்திருக்கிறது.

எண்ணெய்க் கவரில் 100 கிராமுக்கு 900 கிலோகலோரி என்று இருப்பதால், 45-ஐ 9-ஆல் பெருக்கி 405 என்று எழுதினேன். நெய்ப் புட்டியில் 500 மி.லி., 455 கிராம் என்று இரண்டும் அச்சாகியிருந்ததால் 15 மி.லி. நெய் 13.65 கிராம் என்று கண்டேன். அதன் அட்டவணையில் 100-க்கு 816 என்று இருந்ததை வைத்து 111 என்று எழுதினேன். தேன் 100 கிராமுக்கு 320 என்பதால் 15 கிராமுக்கு 48. மொத்தம் 564.

இன்று அதே கரண்டியால் அளந்து தராசில் வைத்தபோது எண்ணெய் 41 கிராம்தான் காட்டியது. தேனோ 21 கிராம் காட்டியது. ஒன்றில் குறைத்தும் ஒன்றில் கூட்டியும் காட்டும் தராசை எப்படி நம்புவது?

நியாய விலை

தராசில் பிழையில்லை, சகோதரி. லிட்டர் என்று விற்கும் எண்ணெய்க் கவரை நிறுத்துப் பாருங்கள், 910 கிராம்தான் இருக்கும். லிட்டருக்கு 90 கிராம் நம்மிடமிருந்து பிடித்துக்கொள்கிறார்கள். இதைப் பற்றி நுகர்வோர் மன்றத்தில் புகார் செய்யலாம் என்றிருக்கிறேன்.

செக்கடியார்

புகார் நிற்காது, ஐயா. லிட்டர் என்பது கொள்ளளவு. அதே பாத்திரத்தில் தண்ணீர் 1000 கிராம் பிடிக்கும். எண்ணெய் தண்ணீரைவிட இலேசானது என்பதால் 910 கிராம்தான் பிடிக்கும். கவரின் மேலேயே இரண்டையும் அச்சிட்டிருப்பார்கள். உண்மையான தில்லுமுல்லு வேறோரிடத்தில் நடந்தது. சூடேறினால் எண்ணெய் விரிவதால், 60 டிகிரியில் ஒரு லிட்டர் என்று குறித்துவிட்டு எடையைக் குறைத்து அடைத்தவர்கள் இருந்தார்கள். வெப்பநிலையைக் குறிப்பிடாமல் அளவையும் எடையையும் அச்சிட வேண்டும் என்று ஒன்றிய நுகர்வோர் விவகாரத் துறை 2022-இல் அறிவுறுத்தியது அதனால்தான்.

கேட்டவருக்கு: உங்கள் தராசு சரியாகவே சொல்கிறது. நீங்கள் மி.லி.யைக் கிராம் என்று எடுத்துக்கொண்டதுதான் பிழை. 45 மி.லி.யை 0.91-ஆல் பெருக்கினால் 40.95 கிராம், அதாவது நீங்கள் கண்ட 41. அதற்கு 369 கிலோகலோரி. தேன் தண்ணீரைவிடக் கனமானது, ஒரு மி.லி. ஏறத்தாழ 1.42 கிராம் இருக்கும். எனவே 15 மி.லி. தேன் 21.3 கிராம், 68 கிலோகலோரி. நெய்க்கு நீங்கள் அடர்த்தியைப் போட்டுவிட்டீர்கள். ஆகவே 369, 111, 68; மொத்தம் 548.

எண்கணிதப் பிரியன்

சிறு திருத்தம். கன அளவும் எடையும் ஒன்றிலிருந்து ஒன்றாக மாறும்போது அடர்த்தியால் வகுக்க வேண்டும் என்றுதான் பள்ளியில் படித்தோம். 15-ஐ 0.91-ஆல் வகுத்தால் 16.5 கிராம் வருகிறது.

செக்கடியார்

உங்கள் வழியில் 1000 மி.லி. எண்ணெய்க்கு 1099 கிராம் வரும். கவரிலோ 910 என்று இருக்கிறது. மி.லி.யிலிருந்து கிராமுக்கு வரும்போது பெருக்க வேண்டும். தண்ணீரைவிட இலேசான பொருளுக்குக் கிராம் எண் மி.லி. எண்ணைவிடச் சிறியதாக வர வேண்டும் என்பதை நினைவில் வைத்தால், எந்தப் பக்கம் போகிறோம் என்பதில் குழப்பம் வராது.

மெல்பன் வாசி

இதே சிக்கல் எனக்கும் உண்டு, ஆனால் என் எண்ணெய் எப்போதும் அதிகமாகவே வருகிறது. ஒரு கரண்டிக்கு 18 கிராம் காட்டுகிறது. நான் வாங்கும் எண்ணெய் கலப்படமாக இருக்குமோ?

உணவியல் மாணவி

மெல்பன் நண்பருக்கு: ஆஸ்திரேலியாவில் மேசைக்கரண்டி என்றால் 20 மி.லி. எனவே 18.2 கிராம் வருவது சரியே. ஒரு கரண்டிக்கு 164 கிலோகலோரி என்று எழுதுங்கள். கலப்படத்தைக் கரண்டி எடையால் கண்டுபிடிக்க இயலாது. சமையல் எண்ணெய்களின் அடர்த்திகள் ஒன்றுக்கொன்று அவ்வளவு நெருக்கமானவை.

கேள்வி கேட்டவரிடம் ஒன்று கேட்க வேண்டும். நெய்ப் புட்டியின் அட்டவணையில் 816 என்பது 100 கிராமுக்கா, 100 மி.லி.க்கா? நெய் ஏறக்குறைய முழுவதும் கொழுப்பு. கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி. 100 கிராமுக்கு 900-ஐ ஒட்டி வர வேண்டிய எண், 816 என்று இருப்பது சந்தேகத்தைத் தருகிறது.

அடுப்படிக் கணக்கு

இப்போதுதான் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். 100 மி.லி.க்கு என்றுதான் பொடி எழுத்தில் இருக்கிறது.

உணவியல் மாணவி

அப்படியானால் அங்கே அடர்த்தி முன்பே கணக்கில் சேர்ந்துவிட்டது, நீங்கள் மீண்டும் ஒருமுறை சேர்த்துவிட்டீர்கள். 15 மி.லி.யை நேரடியாக 8.16-ஆல் பெருக்குங்கள், 122 வரும். எனவே செக்கடியார் ஐயா சொன்ன 548-ம் சரியன்று. 369, 122, 68, மொத்தம் 559.

செக்கடியார்

ஒப்புக்கொள்கிறேன். எண்ணெயில் இருந்த கவனம் நெய்ப் புட்டியின் அட்டவணையில் இல்லாமல் போயிற்று.

அடுப்படிக் கணக்கு

என் பழைய மொத்தம் 564, சரியான மொத்தம் 559. ஐந்துதான் வேறுபாடு என்றால், நான் பழையபடியே எழுதிவந்தால் என்ன?

உணவியல் மாணவி

நேற்று எண்ணெயில் 36 கூட எழுதினீர்கள், நெய்யில் 11-ம் தேனில் 20-ம் குறைத்து எழுதினீர்கள். அவை ஒன்றையொன்று அடித்துக்கொண்டன. நெய்யும் தேனும் இல்லாமல் 4 கரண்டி எண்ணெய் மட்டும் செலவாகும் நாளில் 540 என்று எழுதுவீர்கள், உண்மையில் அது 491. தேன் மட்டும் சேரும் நாளில் பிழை எதிர்ப்பக்கம் போகும். இரண்டு மாதக் குறிப்பில் எந்த நாள் எவ்வளவு தவறு என்று மொத்தத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது.

கரண்டியையும் ஒருமுறை சோதித்துவிடுங்கள். பத்துக் கரண்டித் தண்ணீரை ஒரே கிண்ணத்தில் ஊற்றி நிறுத்தால் 150 கிராம் வர வேண்டும். ஒரு கரண்டியை மட்டும் நிறுத்தால், கிராம் கணக்கில் காட்டும் தராசு அரைக் கிராமை விழுங்கிவிடும்.

அடுப்படிக் கணக்கு

பத்துக் கரண்டித் தண்ணீர் 151 கிராம் வந்தது. திறக்காத எண்ணெய்க் கவரையும் வைத்துப் பார்த்தேன், கவரோடு 916. ஆகவே தராசையும் கரண்டியையும் இனிக் குறை சொல்லமாட்டேன்.

ஆனால் மார்கழியில் நெய் உறைந்துவிடுகிறது. குவித்து எடுக்கும் கரண்டியை 15 மி.லி. என்று எப்படிச் சொல்வது? தேனிலும் ஒரு பகுதி கரண்டியிலேயே ஒட்டிக்கொள்கிறது.

செக்கடியார்

அங்கே அடர்த்தியால் பயனில்லை. கரண்டியை விட்டுவிட்டுப் புட்டியை நிறுத்துங்கள். புட்டியைத் தராசில் வைத்துச் சுழியம் ஆக்கி, வேண்டியதை எடுத்துவிட்டு மீண்டும் வைத்தால், குறைந்த கிராம் எதிர்க்குறியோடு தெரியும். தேன் கரண்டியில் ஒட்டினால், அதைப் புட்டியின் வாயிலேயே வழித்துவிட்டு நிறுங்கள்.

எண்கணிதப் பிரியன்

அப்போது நெய்ப் புட்டியின் அட்டவணை மி.லி.யில் இருக்கிறதே! அதைக் கிராமுக்குக் கொண்டுவர 816-ஐ 0.91-ஆல் வகுக்க வேண்டும், 897 வரும். நான் சொன்ன வகுத்தலுக்கு ஓர் இடம் இருக்கத்தான் செய்கிறது.

உணவியல் மாணவி

இந்த இடத்தில் நீங்கள் சொல்வது சரி.

அடுப்படிக் கணக்கு

உறைந்த நெய்யைப் புட்டியோடு நிறுத்துப் பார்த்தேன். முதல் நாள் குவித்த கரண்டி 19 கிராம், அதாவது 170 கிலோகலோரி. மறுநாள் அதே கரண்டி, அதே கை, 16 கிராம். வடை பொரித்தபின் வாணலியில் மிஞ்சும் எண்ணெயை நால்வருக்கும் எப்படிக் கழிப்பது என்பதை யாராவது செய்துபார்த்திருந்தால் எழுதுங்கள்.