புதுப்பிப்பு: பர்கூர் ஷெட்டுக்கு எல்இடி விளக்கு, கணக்கு மாறியது

போன மாதம் நான் கேட்டது: "40 மெட்டல் ஹாலைடு விளக்கை மாற்றணும். 6,000 ரூபாய் விளக்கில் ஒரே வருஷத்தில் போட்ட காசு திரும்புது. 12,000 ரூபாய் விளக்கு எதுக்கு?"

மலிவு விளக்கு வருஷம் 30,000 யூனிட் மிச்சம் பிடிக்கும். யூனிட் 8 ரூபாய் என்றால் 2.4 லட்சம், போட்ட முதலும் அதேதான். விலை கூடிய விளக்குக்கு வாட் குறைவு, 34,800 யூனிட் மிச்சம். போட்ட முதல் திரும்ப 21 மாதம்.

எங்கள் கணக்காளர் 12 சதவீத வட்டியில் என்பிவி, அதாவது வரும் வருஷங்களின் மிச்சத்தை இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்து போட்ட முதலைக் கழித்த கணக்கு, போட்டு, "விலை கூடியதுதான் சார் லாபம்" என்றார். ஆனால் மூன்று வருஷம் உழைக்கும் மலிவு விளக்கை ஆறு வருஷம் உழைக்கும் விலை கூடிய விளக்கோடு நேராக ஒப்பிட்டிருந்தார். நான்காம் வருஷத் தொடக்கத்தில் மலிவு விளக்கை மறுபடி வாங்குவதையும் சேர்த்தேன். ஆறு வருஷத்துக்கு என்பிவி மலிவுக்கு 5.76 லட்சம், மற்றதற்கு 6.65 லட்சம்.

தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் 2022 ஆணைப்படி ஜூலை தோறும் மின்கட்டணம் ஏறலாம். வருஷம் 4 சதவீதம் என்று வைத்தால் என்பிவி 6.66 லட்சம், 7.69 லட்சம். பேபேக், அதாவது முதல் திரும்பும் மாதக்கணக்கு, இதில் பெரிதாக அசையவில்லை. முதல் திரும்பியபின் வரும் பணம் அதன் கண்ணில் படாது.

போச்சம்பள்ளி மாங்கூழ் ஆலை நண்பர் தனக்கும் விலை கூடிய விளக்குதானா என்று கேட்டார். உங்களுக்கு வருஷத்தில் ஓட்டமே மூன்று மாதம்தானே அண்ணா, மலிவே சரி என்றேன்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் ஒன்று காட்டினார்: தகரக் கூரையடியில் கழற்றிய பழைய எல்இடிக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தரும் டிரைவரில் கெபாசிட்டர் தலை உப்பிக் கெட்டிருந்தது. அந்தச் சூட்டில் விலை கூடிய விளக்கும் ஆறு வருஷம் தாங்குமா? அதனால் அதில் பத்து விளக்கு மட்டும் முதலில் மாட்டியிருக்கிறேன்.