"எடீ" என்றால் திட்டா, கூப்பிடுவதா?

அக்காமாரே, அண்ணன்மாரே, ஒரு சந்தேகம். நான் மதுரைக்காரி. கல்யாணமாகி மார்த்தாண்டம் வந்து எட்டு மாதம். இங்கே ஒரு இன்டர்நெட் கம்பெனியில் கஸ்டமர் கேர் வேலை. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம், கேரளாவிலிருந்தும் போன் வரும்.

நேற்று பாறசாலையிலிருந்து ஒரு பெரியவர். மூன்று நாளாக நெட் இல்லை. "எடீ, ஞான் தெறி விளிக்கும் கேட்டோ" என்றார். எங்களுக்குத் தெறி என்றால் அசத்தல். "நன்றி சார்" என்றுவிட்டேன்! மலையாளத்தில் தெறி என்றால் கெட்ட வார்த்தையாம்; கெட்ட வார்த்தையில் திட்டுவேன் என்றிருக்கிறார். எச்சரித்தவருக்கு நன்றி சொன்னால் சும்மா இருப்பாரா? அடுத்து "பட்டி" என்றார். நான் கிராமம் என்று நினைத்தேன். நாய் என்று பக்கத்து சீட் அக்கா எழுதிக் காட்டினார்.

குரலைத் தாழ்த்தி, "மூணு நாள் நெட் இல்லேன்னா கோபம் வரும்தான் சார். இப்பவே கம்ப்ளைன்ட் போடுறேன். ஆனா அந்த வார்த்தை வேண்டாம், திரும்பச் சொன்னா லைனை வெச்சிருவேன்" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கஸ்டமர் நம்பர் சொன்னார். வைக்கும்போது "சரி மோளே" என்றார்.

கோபம் நெட் மேலா, என் மேலா என்று பார்த்துத்தான் எச்சரிக்கிறேன். "பட்டி" என் மேல்தான். "எடீ"யையும் திட்டு என்று அந்த போன் காலின் பதிவில் எழுதினேன். பெற்ற மகளையே அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்கிறார் அக்கா. எதை வைத்துப் பிரித்தறிவது? எனக்குத் தெரிந்த அரைகுறை மலையாளத்தில் பதில் சொன்னால் தணிவாரா, கிண்டல் என்று நினைப்பாரா?