அக்காவின் கடிதத்துக்கு எப்படிப் பதில் எழுதுவது?

கணவரை இழந்த என் அக்கா, தாம் கண்ட கனவை எனக்குக் கடிதமாக எழுதியிருக்கிறார். அவருடைய சம்மதத்துடன்தான் இங்கே கேட்கிறேன். கனவில் அத்தான் நோயின் சுவடே இல்லாமல், சாப்பாட்டு மேசையில் தம் வழக்கமான நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். அக்கா பரிமாறுகிறார், பேச்சுக் கொடுக்கிறார், கடைசியில் கெஞ்சுகிறார். அவரோ கைகளை மேசைமேல் வைத்தபடி ஒரு சொல்லும் பேசவில்லை.

“என்மேல் அவருக்குக் கோபமா?” என்பதே கடிதத்தின் கடைசி வரி. மருத்துவமனையில் கடைசி இரவு அக்கா உடன் இல்லை என்பதால், அந்த மௌனத்தை அவர் குற்றச்சாட்டாகவே படிக்கிறார் என்று நினைக்கிறேன்.

துணையை இழந்தவர்களின் கனவில் இறந்தவர் நலமாகவும், சில வேளைகளில் பேசாமலும் தோன்றுவது அரிதல்ல என்பதை அறிவேன். ஆனால் அதை மட்டும் எழுதினால், அவர் கேட்ட கேள்வியைத் தட்டிக்கழித்ததாகிவிடும். “கோபமில்லை” என்று உறுதி சொல்லவும் எனக்கு உரிமையில்லை. அந்த இரவைப் பற்றி நானே முதலில் எழுதலாமா, அல்லது கனவைப் பற்றி மேலும் கேட்டு அவரையே பேசவிடலாமா? இத்தகைய கனவு கண்டவர்கள், உங்களுக்கு அப்போது எந்தச் சொல் உதவியது, எது புண்படுத்தியது என்று தெரிவித்தால் நன்றியுடையவளாவேன்.