புத்தர் செத்தது கனவில் என்றால், அது சாட்சியமா?

பாலாற்றங்கரை: எங்க வாசிப்பு வட்டத்துல போன ஞாயிறு யாழ்ப்பாண நூலக எரிப்பைப் பத்தின ரெண்டு கவிதைகளை எடுத்தோம். எம்.ஏ. நுஃமானோட 'புத்தரின் படுகொலை', சேரனோட 'இரண்டாவது சூரிய உதயம்'. நுஃமான் 'நேற்று என் கனவில்'னுதான் தொடங்குறார். நடக்காத ஒண்ணைச் சொல்ற கவிதையைப் போர்க்காலச் சாட்சியம்னு எப்படிச் சொல்ல முடியும்? பேசி முடிக்க முடியல, அதான் இங்க கேக்கறேன்.

குடியாத்தத்தான்: சொல்ல முடியாது. சாட்சி சொல்றவன் அங்க இருந்திருக்கணும், பார்த்ததைச் சொல்லணும். புறநானூறு 112ஐப் பாருங்க. அன்னைக்கு நிலவுல அப்பாவும் இருந்தார், குன்றும் எங்க கையில இருந்துச்சு. இன்னைக்கு நிலவுல குன்றும் போச்சு, 'யாம் எந்தையும் இலமே'. பாரி மகளிர் சொல்றது அவ்வளவுதான். ஒரு உவமை கிடையாது. சேரன் கவிதை இந்த வழியில வருது: 'எனது நகரம் எரிக்கப்பட்டது'. கண்ணால கண்டதை அப்படியே வெச்சிருக்கார், கற்பனைக்கு இடமே இல்ல. நுஃமானோடது அருமையான உருவகம், அதை மறுக்கல. ஆனா சாட்சியம் வேற.

கோட்டைவாசல்: நாடிழந்து வந்தவங்களைப் பத்திப் பேசினா நம்ம வேலூரை விட்டுட்டுப் பேச முடியாது. கண்டியோட கடைசி ராஜா ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனை 1816ல் இங்கதான் கொண்டாந்து வெச்சாங்க, 1832ல் இங்கயே செத்தார். பாலாற்றங்கரையில முத்து மண்டபம் இருக்கு. அவரைப் பத்தி ஏன் யாரும் கவிதை எழுதல?

ஆற்காட்டு டீச்சர்: கோட்டைவாசல் ஐயா, ராஜாவைப் பத்தித் தனி இழை தொடங்குங்க, நானும் வரேன். இங்க கேள்வி வேற.

குடியாத்தம் தம்பி, புறம் 112 பத்தி நீங்க சொன்னது சரி. சேரன் பத்திச் சொன்னதுல பாதிதான் சரி. அந்தக் கவிதையோட தொடக்கத்தை இன்னொரு தடவை படிங்க. காத்து இல்லாத நாள், அலை செத்துப்போன கடல், மணல்ல கால் புதையப் புதைய ஒருத்தர் நடந்து வர்றார். அப்போ மறுபடியும் ஒரு சூரிய உதயம் தெரியுது, அதுவும் தெற்குல. தெற்குல சூரியன் உதிக்குமா? அதுவும் நடக்காததுதானே. ஆனா குடாநாட்டு வடகரையில நிக்கறவருக்கு யாழ்ப்பாண நகரம் தெற்குலதான் இருக்கு. எரியற நகரத்தோட வெளிச்சம் அந்தப் பக்கம்தான் எழும். பேசறவர் நெருப்புக்குப் பக்கத்துல இல்ல, தூரத்துல நின்னு வானத்தைப் பார்க்கறார். தெற்குங்கறதை ஆட்சி இருக்கற திசைன்னு படிக்கறவங்களும் உண்டு. நான் முதல் வாசிப்புப் பக்கம்தான், ஏன்னா அதுல நிக்கற இடம் துல்லியமா கிடைக்குது.

இப்போ நுஃமான். 1981 மே 31 ராத்திரி தொடங்கின வெறியாட்டத்துல நூலகம் எரிஞ்சது. ஜூன் 4ல் மாவட்ட அபிவிருத்திச் சபைத் தேர்தல். பாதுகாப்புக்குன்னு வெளியிலிருந்து போலீசைக் கொண்டுவந்து குவிச்சிருந்தாங்க. அமைச்சர்கள் ரெண்டு பேர் ஊர்லயே இருந்தாங்க. இதை மனசுல வெச்சுக்கிட்டுக் கவிதைக்குப் போங்க. புத்தரைச் சுட்டது சிவில் உடை போட்ட அரச காவலர். பிணம் கிடக்கறது நூலகப் படிக்கட்டுப் பக்கம். இருட்டுல அமைச்சர்கள் வர்றாங்க. பிணத்தை மறைக்கச் சொல்றாங்க. தொண்ணூறாயிரம் புத்தகத்தால மூடி எரிக்கறாங்க. எரிஞ்சது 97 ஆயிரம்னு பொதுவா சொல்றதுக்கு அது பக்கத்துலதான் இருக்கு. புத்தரை எடுத்துட்டுப் படிச்சா மிச்சம் இருக்கறது கிட்டத்தட்ட ஒரு வழக்குக் குறிப்பு. கனவுன்னு சொன்னது ஒரே ஒரு பிணத்துக்காக.

அந்தப் பிணம் எதுக்குன்னும் கவிதையே சொல்லுது. அமைச்சர்கள் கோபப்படறாங்க: 'எங்கள் பட்டியலில் இவர் பெயர் இல்லை'. காவலர்கள் தப்பு எதுவும் நடக்கலைங்கறாங்க. இவரைச் சுடாம ஒரு ஈயைக்கூட எங்களால சுட முடியலைன்னு காரணம் சொல்றாங்க. யார் பேரால ஆட்சி நடக்குதோ அவரை முதல்ல தீர்த்துக்கட்டணும், அப்பத்தான் மத்ததைச் செய்ய முடியும். கொளுத்த எடுக்கறது சிகாலோகவாத சூத்திரம். அப்பா அம்மாவை, ஆசிரியரை, மனைவியை, நண்பரை, வேலைக்காரரை எப்படி நடத்தணும்னு புத்தர் ஒரு சாதாரண வீட்டுப்பிள்ளைக்குச் சொன்னது. துறவிக்கான நூல் இல்ல, பக்கத்து வீட்டாரோட எப்படி வாழறதுங்கறதுக்கான நூல். அதை நெருப்பு மூட்ட எடுத்தாங்கன்னு எழுத, அந்த நூலைப் படிச்ச ஒருத்தரால மட்டும்தான் முடியும்.

குடியாத்தத்தான்: சேரன் விஷயத்துல ஒத்துக்கறேன் டீச்சர், தெற்கை நான் கவனிக்கல. ஆனா இன்னொண்ணு உறுத்துது. அந்த நாட்கள்ல மனுஷங்களும் செத்தாங்க. கடைங்க எரிஞ்சது, ஈழநாடு பத்திரிகை அலுவலகம் எரிஞ்சது. நுஃமான் கவிதையில சாகற ஒரே ஆள் புத்தர். செத்த தமிழர் எங்க? எதிராளியோட சாமிக்காக நாம அழறது சாட்சியமா?

முகாம் பிள்ளை: நான் வேலூர்ப் பக்கத்துல ஒரு அகதி முகாமில் பிறந்தவன், அம்மா மன்னார். எங்க வீட்டுல யாரும் அந்த நூலகத்தைப் பார்த்ததில்லை. அதனால இந்தச் சண்டை எனக்குக் கொஞ்சம் தூரம். ஆனா டீச்சர் சொன்ன பட்டியல் வரியில நின்னுட்டேன். எங்களுக்கு மாசாமாசம் செக்கிங். அன்னைக்கு வரிசையில நேர்ல நிக்கணும். ஒரு மாசம் அம்மா ஆஸ்பத்திரியில இருந்தாங்க, பேர்ல கோடு விழுந்துடுச்சு. திரும்ப ஏத்த எத்தனை நாள் அலைஞ்சோம்னு சொல்லி முடியாது. கவிதையில பட்டியல்ல பேர் இருந்தா சாவு. எங்களுக்குப் பேர் இல்லன்னா அரிசி இல்ல. கவிஞர் இதை நினைச்சு எழுதலன்னு தெரியும். படிக்கும்போது எனக்கு அதுதான் வந்துச்சு.

மேல்விஷாரம் வாசகன்: குடியாத்தம் அண்ணன் 'நாம', 'எதிராளி'ன்னு சொன்ன இடத்துக்கே வரேன். நுஃமான் கிழக்குல கல்முனைக்குடியில பிறந்த முஸ்லிம், யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துல வேலை பார்த்தவர். அந்த நகரம் அவருக்குப் பிறந்த ஊர் இல்ல. 'எனது நகரம்'னு அவர் எழுதியிருந்தாலும் தப்பில்ல, ஆனா எழுதல. ஒன்பது வருஷம் கழிச்சு, 1990 அக்டோபர்ல, யாழ்ப்பாண முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் சில மணி நேரக் கெடுவுல வெளியேத்தினாங்க. அதே நகரத்தை எனதுன்னு சொல்லிட்டிருந்த குடும்பங்க புத்தளம் பக்கம் கொட்டகைக்குப் போனாங்க. அதுக்கப்புறம் இந்த ரெண்டு கவிதையையும் படிச்சா எனக்குச் சேரனோட வரிதான் கனமா இருக்கு, ஏன்னா யாரோட எனதுங்கற கேள்வி கூடவே வருது. நுஃமான் கவிதை, கொலையைச் செஞ்சவங்களோட நம்பிக்கையை வெச்சே அவங்க மேல குற்றம் சாட்டுது. அந்த வழி எந்தத் தரப்புக்கும் பொருந்தும்.

ஆற்காட்டு டீச்சர்: செத்த தமிழர் எங்கன்னு கேட்டதுக்கு என்கிட்ட முழுப் பதில் இல்ல. அந்தக் கவிதையில அவங்க பட்டியல்ல மட்டும்தான் இருக்காங்க, பேரில்லாம. அது போதாதுன்னு நீங்க சொன்னா என்னால தள்ள முடியாது. ஆனா நூலகத்துக்காக எழுதின கவிதையில புத்தகத்தைப் பிணத்தோட சேர்த்து எரிச்சதை நான் குறையா பார்க்கல.

குடியாத்தத்தான்: எனக்கு இன்னும் குறைதான். கவிதையா பெரிசுன்னு எழுதிக் குடுத்துடறேன். சாட்சிக் கூண்டுல ஏத்தறதா இருந்தா சேரனைத்தான் ஏத்துவேன், தெற்குச் சூரியனோட சேர்த்தே.

பாலாற்றங்கரை: அடுத்த கூட்டத்துக்கு ரெண்டையும் மறுபடி எடுக்கறோம். மேல்விஷாரம் தோழர், 1990 வெளியேத்தத்தைப் பத்தின கவிதை ஒண்ணு நீங்க தேர்ந்தெடுத்துக் கொண்டாங்க. முகாம் தம்பி, செக்கிங் இல்லாத நாளாப் பார்த்துத் தேதி வெக்கறோம், எந்த நாள்னு சொல்லுங்க.

முகாம் பிள்ளை: மாசக் கடைசி ஞாயிறு சரிப்படும் அண்ணே. அம்மாவையும் கூட்டி வரேன், அவங்களுக்குக் கவிதையை யாராவது சத்தமாப் படிச்சுக் காட்டணும்.